மணிக்கு நான்கு ரூபாய் சர்வர்: மாதக் கடைசியில் எவ்வளவு?

மணிக்கு நான்கு ரூபாய் வாடகையில் ஒரு சர்வர் கிடைக்கும் என்கிறது விலைப் பட்டியல். மாதம் மூவாயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும் என்று நம்பி ஒரு சிறு நிறுவனம் தன் இணையதளத்தை அங்கே கொண்டுபோய் வைக்கிறது. முதல் மாத பில் எட்டாயிரத்து எண்ணூறைத் தாண்டி வருகிறது. இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. சர்வரின் வாடகை அந்தப் பில்லில் ஒரு வரி மட்டுமே. மற்ற வரிகளும் அதே விலைப் பட்டியலில்தான் இருந்தன, ஆனால் வேறு வேறு பக்கங்களில். அவற்றை யாரும் கூட்டிப் பார்க்கவில்லை.

கிளவுட் பில்லை முன்கூட்டியே கணக்கிடுவதற்குப் பெரிய கணிதம் தேவையில்லை. கூட்டலும் பெருக்கலும் போதும். எந்தச் செலவு எதைப் பொறுத்து ஏறுகிறது என்பதுதான் தெரிந்திருக்க வேண்டும். சர்வர் ஓடிய மணிகளைப் பொறுத்து ஏறும். டிஸ்க் நாம் ஒதுக்கி வைத்த இடத்தைப் பொறுத்து ஏறும். பேண்ட்விட்த் வெளியே போன தரவைப் பொறுத்து ஏறும். ரிசர்வ்ட் ஒப்பந்தமோ நாம் கொடுத்த வாக்குறுதியைப் பொறுத்தது, பயன்படுத்தினோமா இல்லையா என்று அது பார்ப்பதில்லை. இந்த நான்கையும் ஒரே உதாரணத்தில் வைத்துப் பார்ப்போம்.

விர்ச்சுவல் சர்வர் என்பது தனியான ஒரு பெட்டி அல்ல. டேட்டா சென்டரில் இருக்கும் ஒரு பெரிய கணினியை மென்பொருளால் பல பங்காகப் பிரித்து, ஒவ்வொரு பங்கையும் தனிக் கணினிபோல இயங்கவைத்து வாடகைக்கு விடுகிறார்கள். அமேசான் 2006 ஆகஸ்டில் இந்தச் சேவையைத் தொடங்கியபோது ஒரு சிறிய சர்வருக்கு மணிக்கு 10 சென்ட் வாங்கியது. மாதக் கணக்கில் ஒப்பந்தம் போடாமல் மணிக்கணக்கில் சர்வர் எடுக்கலாம் என்ற பழக்கம் அப்படித்தான் பரவியது. 2017 அக்டோபரில் இருந்து லினக்ஸ் சர்வர்களுக்கு அந்நிறுவனம் நொடிக்கணக்கில் கட்டணம் போடுகிறது, குறைந்தது 60 நொடி. ஆனாலும் விலையை இன்றும் மணிக்கு இவ்வளவு என்றுதான் சொல்கிறார்கள்.

ஒரு பயிற்சி மையத்தின் கணக்கு

போட்டித் தேர்வுக்குப் பயிற்சி தரும் ஒரு மையத்தை வைத்துக்கொள்வோம். 1,500 மாணவர்கள். இணையதளத்தில் பாடக்குறிப்புகள், மாதிரித் தேர்வுகள், பதிவிறக்க PDF கோப்புகள் இருக்கின்றன. அமேசானின் மும்பை டேட்டா சென்டரில் `t3.medium` என்ற வகை சர்வரை எடுக்கிறார்கள். இரண்டு விர்ச்சுவல் சிபியு, 4 ஜிபி நினைவகம். லினக்ஸ். ஆன்-டிமாண்ட் விலை, அதாவது எந்த ஒப்பந்தமும் இல்லாமல் எடுக்கும் விலை, மணிக்கு 0.0448 டாலர். இந்த விலைகள் அவ்வப்போது மாறும். நீங்கள் கணக்குப் போடும் நாளில் விலைப்பக்கத்தைப் பார்த்து எண்களை மாற்றிக்கொள்ளலாம், முறை இதுவேதான்.

முதல் வரி, மணிகள். மாதத்துக்கு எத்தனை மணி? 30 நாள் மாதத்தில் 720, 31 நாள் மாதத்தில் 744, பிப்ரவரியில் 672. ஆண்டுக்கு 8,760 மணியை 12-ஆல் வகுத்தால் 730 வரும். அமேசானின் விலைக் கணிப்பானும் இந்த 730-ஐத்தான் எடுத்துக்கொள்கிறது. 0.0448-ஐ 730-ஆல் பெருக்கினால் 32.70 டாலர். மார்ச் மாத பில்லில் இதே சர்வர் 33.33 டாலரும் பிப்ரவரி பில்லில் 30.11 டாலரும் காட்டும். ஒன்றும் மாற்றாமலே பில் ஏறி இறங்குகிறதே என்று குழம்ப வேண்டாம், மாதத்தின் நீளம்தான் காரணம்.

இரண்டாவது வரி, டிஸ்க். இந்த வகை சர்வருடன் டிஸ்க் சேர்ந்து வராது, தனியாக எடுக்க வேண்டும். `gp3` என்ற பொது வகை டிஸ்க் மும்பையில் ஒரு ஜிபிக்கு மாதம் 0.0912 டாலர். மையம் 80 ஜிபி எடுக்கிறது, 7.30 டாலர். இங்கே கவனிக்க வேண்டியது, கட்டணம் நாம் ஒதுக்கிய 80 ஜிபிக்கு, நிரப்பிய அளவுக்கு அல்ல. 15 ஜிபி மட்டுமே நிரம்பியிருந்தாலும் 80-க்கும் கட்ட வேண்டும். எதற்கும் இருக்கட்டும் என்று 500 ஜிபி எடுத்துவிட்டால், காலி இடத்துக்கு மாதாமாதம் வாடகை போய்க்கொண்டிருக்கும். இந்த டிஸ்க்கைப் பெரிதாக்கலாம், அதற்குச் சர்வரை நிறுத்தக்கூட வேண்டாம். சிறிதாக்க மட்டும் முடியாது. சிறிதாக்க விரும்பினால் புது டிஸ்க் எடுத்துத் தரவை நகலெடுத்து மாற்ற வேண்டும். ஆகவே சிறிதாகத் தொடங்கித் தேவைப்படும்போது கூட்டுவதே நல்லது.

டிஸ்க்கோடு ஒட்டிய இன்னொரு செலவு பேக்கப். டிஸ்க்கின் நிலையை அவ்வப்போது படியெடுத்து வைப்பதற்கு ஸ்னாப்ஷாட் என்று பெயர். ஜிபிக்கு மாதம் 0.05 டாலர். முதல் ஸ்னாப்ஷாட்டில் எழுதப்பட்ட தரவு முழுவதும் சேரும், அடுத்தடுத்தவற்றில் மாறிய பகுதி மட்டும் சேரும். மொத்தம் 30 ஜிபி சேர்ந்திருப்பதாக வைத்தால் 1.50 டாலர். தினமும் ஒன்று எடுத்து எதையும் அழிக்காமல் விட்டால் இந்த வரி மெல்ல மெல்ல ஏறும்.

மூன்றாவது, ஐபி முகவரி. உலகம் இந்தச் சர்வரை வந்தடைய ஒரு பொது IPv4 முகவரி தேவை. 2024 பிப்ரவரி 1 முதல் ஒவ்வொரு முகவரிக்கும் மணிக்கு 0.005 டாலர் கட்டணம். மாதத்துக்கு 3.65 டாலர். அதற்கு முன் எழுதப்பட்ட கணிப்புகளில் இந்த வரி இருக்காது. பழைய கணிப்பை நகலெடுப்பவர்கள் இதைத் தவறவிடுவது இதனால்தான்.

வெளியே போகும் தரவு

நான்காவது வரிதான் கணிப்புகளைக் கவிழ்ப்பது. இணையத்திலிருந்து சர்வருக்குள் வரும் தரவுக்குக் கட்டணம் இல்லை. சர்வரிலிருந்து இணையத்துக்குப் போகும் தரவுக்குத்தான் கட்டணம். மாதத்துக்கு முதல் 100 ஜிபி இலவசம். அதற்கு மேல் மும்பையில் ஜிபிக்கு 0.1093 டாலர். ஒரு ஜிபி டிஸ்க்கில் மாதம் முழுக்க இருப்பதற்கு ஆகும் செலவைவிட, அதே ஜிபி ஒரே ஒரு முறை வெளியே போவதற்கு ஆகும் செலவு அதிகம். இந்த ஒரு ஒப்பீட்டை மனத்தில் வைத்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

இதை எப்படிக் கணிப்பது? மணிக்கு இவ்வளவு என்பதுபோல விலைப் பட்டியலைப் பார்த்துப் பெருக்க முடியாது. பயனாளர்களின் பழக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். ஒரு மாணவர் மாதம் 400 முறை ஏதாவதொரு பக்கத்தைத் திறக்கிறார். ஒவ்வொரு பக்கமும் படம், எழுத்துரு எல்லாம் சேர்த்துச் சராசரியாக அரை எம்பி. ஆக 200 எம்பி. அதோடு 20 PDF கோப்புகளை இறக்குகிறார், ஒவ்வொன்றும் 5 எம்பி. அது 100 எம்பி. மொத்தம் ஒரு மாணவருக்கு 300 எம்பி. 1,500 மாணவர்களுக்கு 450 ஜிபி. இலவசமான 100 ஜிபியைக் கழித்தால் 350 ஜிபி. அதை 0.1093-ஆல் பெருக்கினால் 38.26 டாலர்.

பக்கத்தின் அளவை ஊகிக்க வேண்டியதில்லை. குரோம் அல்லது பயர்பாக்ஸ் பிரௌசரில் F12 விசையை அழுத்தி, Network என்ற பகுதியைத் திறந்து, பக்கத்தை மறுபடி ஏற்றினால் எவ்வளவு தரவு இறங்கியது என்று கீழே காட்டும். முதல் வருகையில் ஒரு எண்ணும், இரண்டாம் வருகையில் அதைவிடச் சிறிய எண்ணும் வரும், ஏனென்றால் படங்கள் ஏற்கெனவே கணினியில் சேமிக்கப்பட்டிருக்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு எண்ணை எடுத்துக்கொண்டால் கணிப்பு யதார்த்தத்துக்குப் பக்கத்தில் இருக்கும்.

இப்போது எல்லாவற்றையும் கூட்டலாம்.

```
சர்வர்        730 × 0.0448   = 32.70
டிஸ்க்         80 × 0.0912    =  7.30
ஸ்னாப்ஷாட்    30 × 0.05      =  1.50
ஐபி முகவரி    730 × 0.005    =  3.65
பேண்ட்விட்த்   350 × 0.1093   = 38.26
மொத்தம்                      = 83.41
ஜிஎஸ்டி 18%                  = 15.01
கட்ட வேண்டியது               = 98.42 டாலர்
```

ஒரு டாலரை 90 ரூபாய் என்று வைத்தால் 8,858 ரூபாய். சர்வர் வாடகை மட்டும் பார்த்தால் 2,943 ரூபாய். பில் அதைப்போல மூன்று மடங்கு. இதில் பெரிய வரி சர்வர் அல்ல, பேண்ட்விட்த். விலைப் பட்டியலில் முதலில் கண்ணில் படும் எண், பில்லில் இரண்டாம் இடத்தில்தான் இருக்கிறது. ஜிஎஸ்டி பதிவு உள்ள நிறுவனங்கள் தகுதியிருந்தால் வரியை உள்ளீட்டு வரவாகக் கழித்துக்கொள்ளலாம். பதிவு இல்லாதவர்களுக்கு அது முழுச் செலவு.

இதே மையம் பாட வீடியோக்களையும் அதே சர்வரில் வைத்தால் என்ன ஆகும் என்று பார்க்க வேண்டும். 45 நிமிட வகுப்பு, நொடிக்கு 10 லட்சம் பிட் வேகத்தில் பதிவானது என்றால் ஏறக்குறைய 337 எம்பி. மாதம் 20 வகுப்பை 1,500 மாணவர்கள் பார்த்தால் 10,000 ஜிபியைத் தாண்டும். பேண்ட்விட்த் மட்டுமே சுமார் 1,100 டாலர், வரிக்கு முன். 32 டாலர் சர்வரிலிருந்து 1,100 டாலர் வெளியே ஓடுகிறது. வீடியோவைச் சர்வரில் நேரடியாக வைக்காமல், அதற்கென்றே இருக்கும் சேவைகளில் வைக்கச் சொல்வது இதனால்தான்.

முதலில் எதைக் குறைப்பது?

பில்லைப் பார்த்ததும் பலருக்கும் முதலில் தோன்றுவது ரிசர்வ்ட் ஒப்பந்தம். ஓராண்டு அல்லது மூன்றாண்டுக்கு இந்த வகை சர்வரை வைத்துக்கொள்கிறேன் என்று உறுதி கொடுத்தால் மணி விலை குறையும். முன்பணம் இல்லாத ஓராண்டு ஒப்பந்தத்துக்கு 37 விழுக்காடு குறைவதாக வைத்துக்கொள்வோம். மணி விலை 0.0448-லிருந்து 0.0282-க்கு வரும். மாதம் 32.70 டாலர் 20.60 ஆகும். மிச்சம் 12.10 டாலர்.

ஆனால் இந்த 37 விழுக்காடு சர்வர் வரிக்கு மட்டும்தான். டிஸ்க்குக்கும் ஐபி முகவரிக்கும் பேண்ட்விட்த்துக்கும் அது பொருந்தாது. 83.41 டாலரில் 12.10 குறைந்தால் மொத்தத்தில் 14.5 விழுக்காடு. 37 என்று படித்துவிட்டுப் பில்லைப் பார்ப்பவருக்கு இது ஏமாற்றமாக இருக்கும்.

பேண்ட்விட்த்தைத் தொட்டால் என்ன ஆகிறது என்று பாருங்கள். PDF கோப்புகளில் இருக்கும் ஸ்கேன் படங்களைச் சுருக்கி 5 எம்பியை 2 எம்பி ஆக்குகிறார்கள். பக்கங்களின் படங்களை WebP வடிவத்துக்கு மாற்றி அரை எம்பியை 0.3 எம்பி ஆக்குகிறார்கள். ஒரு மாணவருக்கு 300 எம்பி, 160 எம்பியாகிறது. மொத்தம் 240 ஜிபி. இலவசம் போக 140 ஜிபிக்கு 15.30 டாலர். மிச்சம் 22.96 டாலர். ஒரு ஒப்பந்தமும் போடாமல், ரிசர்வ்ட் தருவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. செல்பேசியில் படிக்கும் மாணவருக்கும் பக்கம் சீக்கிரம் திறக்கும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. சர்வருக்கு முன்னால் சிடிஎன் என்ற இடைச் சேவையை வைக்கலாம். அது கோப்புகளின் நகலைப் பல ஊர்களில் வைத்துக்கொண்டு, கேட்பவருக்கு அங்கிருந்தே கொடுக்கும். அமேசானின் சிடிஎன் சேவையான CloudFront-இல், பயன்பாட்டுக்கேற்பக் கட்டும் முறையில், மாதம் 1 டிபி தரவும் 1 கோடி வேண்டுகோள்களும் இலவசம். சர்வரிலிருந்து அந்தச் சேவைக்குப் போகும் தரவுக்கும் கட்டணம் இல்லை. நம் மையத்தின் 450 ஜிபி அதற்குள் அடங்கிவிடும். பேண்ட்விட்த் வரி ஏறக்குறைய பூஜ்யமாகும்.

இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. உள்நுழைந்த மாணவரின் மதிப்பெண் பக்கத்தை சிடிஎன் நகலெடுத்து வைத்துக்கொண்டால், அடுத்து வரும் மாணவருக்கு அதே பக்கத்தைக் காட்டிவிடும். எல்லாருக்கும் பொதுவான படம், PDF, ஸ்டைல் கோப்புகளை மட்டும் நகலெடுக்கும்படியும், தனிப்பட்ட பக்கங்களை ஒவ்வொரு முறையும் சர்வரிடமே கேட்கும்படியும் அமைக்க வேண்டும். அமைத்தபின் இரண்டு வேறு கணக்குகளில் உள்நுழைந்து சோதித்துவிட்டுத்தான் மாணவர்களுக்குத் திறந்துவிட வேண்டும்.

பேண்ட்விட்த் போய்விட்டால் வரிக்கு முந்தைய பில் 45.15 டாலர். இப்போது ரிசர்வ்ட் ஒப்பந்தத்தின் 12.10 டாலர், மொத்தத்தில் 27 விழுக்காடு. பில் 33.05-க்கு வரும், ஜிஎஸ்டியோடு 39 டாலர். 98-இல் தொடங்கி 39-இல் நிற்கிறது. வரிசைதான் முக்கியம். பெரிய வரி எதுவோ அதை முதலில் குறைக்க வேண்டும், எஞ்சியதற்கு ஒப்பந்தம் போட வேண்டும்.

ரிசர்வ்ட் எப்போது லாபம்?

ரிசர்வ்ட் என்பது மின்சார ரயிலின் சீசன் டிக்கெட் போன்றது. வேலைக்குப் போனாலும் போகாவிட்டாலும் மாதத்துக்குப் பணம் கட்டியாகிவிட்டது. சர்வரை இரவில் நிறுத்தினாலும் 0.0282 டாலர் ஒவ்வொரு மணிக்கும் ஏறிக்கொண்டே இருக்கும். ஆன்-டிமாண்டில் நிறுத்திய மணிக்குச் சர்வர் வாடகை இல்லை.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, மாதம் எத்தனை மணி ஓடினால் இரண்டும் சமம்? ரிசர்வ்ட் மாதக் கட்டணமான 20.60 டாலரை ஆன்-டிமாண்ட் மணி விலையான 0.0448-ஆல் வகுத்தால் 460 மணி. நாளுக்குச் சராசரியாக 15 மணி. அதற்கு மேல் ஓடுகிற சர்வருக்கு ரிசர்வ்ட் லாபம், அதற்குக் கீழே ஓடுவதற்கு ஆன்-டிமாண்ட் லாபம். எந்த வகை சர்வருக்கும் இதே விதிதான். தள்ளுபடி 37 விழுக்காடு என்றால் மீதி 63 விழுக்காடு நேரம் ஓடுவது எல்லைக்கோடு.

மாணவர்களின் இணையதளம் இரவும் பகலும் ஓட வேண்டியது. அது கோட்டுக்கு மேலே. மையத்தின் மென்பொருள் பணியாளர் சோதனைக்காக வைத்திருக்கும் இரண்டாவது சர்வரை எடுத்துக்கொள்வோம். காலை 9 முதல் மாலை 6 வரை, மாதம் 22 நாள், 198 மணி. ஆன்-டிமாண்டில் 8.87 டாலர்தான். அதற்கு ரிசர்வ்ட் போட்டால் இரண்டு மடங்குக்கு மேல் கொடுக்க வேண்டியிருக்கும். ஒன்றை மட்டும் மறக்கக்கூடாது, சர்வரை நிறுத்தினால் வாடகைதான் நிற்கும். டிஸ்க் கட்டணம் தொடரும். நிரந்தர ஐபி முகவரி எடுத்திருந்தால் அதன் கட்டணமும் தொடரும். சர்வரை நீக்கும்போது டிஸ்க்கும் ஸ்னாப்ஷாட்டும் சேர்ந்து போய்விட்டனவா என்று பார்க்க வேண்டும். யாரும் தொடாத டிஸ்க்குகள் மாதக்கணக்கில் பில்லில் கிடப்பது சாதாரணமாக நடப்பது.

ஓராண்டு முழுக்க இருப்போமா என்ற சந்தேகத்துக்கும் இதே எண் பதில் சொல்லும். 12 மாதத்தில் 63 விழுக்காடு ஏழரை மாதத்துக்குக் கொஞ்சம் மேல். எட்டு மாதமாவது இந்தச் சர்வர் நிச்சயம் ஓடும் என்றால், மீதி நான்கு மாதம் வீணானாலும் ரிசர்வ்ட் நட்டம் தராது. மூன்றாண்டு ஒப்பந்தத்தில் தள்ளுபடி இன்னும் அதிகம். ஆனால் மூன்றாண்டுக்குள் புதிய தலைமுறை சர்வர்கள் வந்துவிடலாம், மாணவர் எண்ணிக்கை கூடவோ குறையவோ செய்யலாம். இடையில் வேண்டாம் என்று ஒப்பந்தத்தைத் திருப்பிக்கொடுக்க முடியாது. 2019 நவம்பரில் வந்த சேவிங்ஸ் பிளான் என்ற முறை சற்று தளர்வானது. குறிப்பிட்ட சர்வர் வகைக்குப் பதில், மணிக்கு இத்தனை டாலர் செலவழிப்பேன் என்று உறுதி கொடுத்தால் போதும். அதன் பொது வகையில் சர்வர் வகையையோ ஊரையோ மாற்றினாலும் தள்ளுபடி தொடரும், அதற்கு ஈடாகத் தள்ளுபடி கொஞ்சம் குறைவாக இருக்கும்.

எந்த ஒப்பந்தமாக இருந்தாலும், முதல் ஒன்றிரண்டு மாதம் ஆன்-டிமாண்டில் ஓடவிட்டு, சர்வர் அளவு சரியா என்று பார்த்தபிறகே போட வேண்டும். தேவையைவிடப் பெரிய சர்வருக்கு 37 விழுக்காடு தள்ளுபடி வாங்குவதைவிட, அதில் பாதி அளவு சர்வர் போதும் என்று கண்டுபிடிப்பது அதிக மிச்சம். இந்த வரிசையில் ஒரு படி கீழே இறங்கினால் விலை பாதியாகும். தேர்வுக் காலத்தில் மட்டும் இரண்டாவது சர்வர் தேவைப்பட்டால், எப்போதும் ஓடும் முதல் சர்வருக்கு ஒப்பந்தமும் இரண்டாவதற்கு ஆன்-டிமாண்டும் என்று பிரித்துக்கொள்ளலாம்.

மறைந்திருக்கும் ஒரு வரி

`t3` வகை சர்வர் மலிவாக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. `t3.medium`-இன் விலையில், ஒவ்வொரு விர்ச்சுவல் சிபியுவின் திறனில் 20 விழுக்காடுதான் நிரந்தரமாக அடங்கும். அதைவிடக் குறைவாகப் பயன்படுத்தும் நேரத்தில் வரவு சேர்ந்துகொண்டே வரும். கூட்டம் வரும்போது அந்த வரவைச் செலவழித்து முழு வேகத்தில் ஓடும். வரவு தீர்ந்தபின்னும் ஓட வேண்டுமென்றால், லினக்ஸில் ஒரு விர்ச்சுவல் சிபியு மணிக்கு 0.05 டாலர் தனியாக ஏறும். `t3` சர்வர்களில் இந்த ஏற்பாடு நாம் மாற்றாதவரை இயங்கிக்கொண்டேதான் இருக்கும்.

மாதம் முழுக்கச் சராசரியாக 50 விழுக்காடு வேலை இருந்தால், 20-க்கு மேற்பட்ட 30 விழுக்காட்டுக்கு இரண்டு சிபியுவுக்கும் சேர்த்து மணிக்கு 0.03 டாலர். மாதம் 21.90 டாலர். 32 டாலர் சர்வர் 54 டாலர் ஆகிவிடும். ரிசர்வ்ட் தள்ளுபடி இதற்குப் பொருந்தாது. பில்லில் `CPUCredits` என்ற சொல் வரும் வரி இதுதான். அந்த வரி ஒவ்வொரு மாதமும் தலைகாட்டினால், எப்போதும் முழுத் திறன் தரும் வேறு வகை சர்வருக்கு மாறுவது மலிவா என்று கணக்குப் போட வேண்டும்.

முதல் வாரச் சோதனை

கணிப்பு சரியா என்று மாதக் கடைசிவரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒரு வாரம் ஓடியதும் கணக்குப் பக்கத்தில் இருக்கும் Cost Explorer-ஐத் திறந்து, செலவை Usage type வாரியாகப் பிரித்துப் பார்க்கலாம். சர்வர் 168 மணிக்கு 7.53 டாலர் காட்ட வேண்டும். அதைவிட அதிகமாக இருந்தால், மறந்துபோன இன்னொரு சர்வர் எங்கோ ஓடிக்கொண்டிருக்கலாம்.

பேண்ட்விட்த்தை மட்டும் இப்படி டாலரில் பார்க்கக்கூடாது. காரணம் அந்த இலவச 100 ஜிபி. மாதம் 450 ஜிபி என்றால் முதல் ஏழு நாளில் 105 ஜிபி போயிருக்கும். அதில் 100 இலவசம், 5 ஜிபிக்கு மட்டும் 55 சென்ட் கட்டணம். இதை அப்படியே மாதத்துக்கு நீட்டினால் இரண்டரை டாலருக்குள் வரும். உண்மையில் வரப்போவது 38 டாலர். முதல் வாரப் பில்லைப் பார்த்து நிம்மதியடைந்தவர்கள் மாதக் கடைசியில் திகைப்பது இந்த இடத்தில்தான். இந்த ஒரு வரிக்கு டாலரை விட்டுவிட்டு ஜிபியைப் பார்க்க வேண்டும். மும்பையில் அது `APS3-DataTransfer-Out-Bytes` என்ற பெயரில் இருக்கும். ஜிபியை 30-ஆல் பெருக்கி 7-ஆல் வகுத்து, அதில் 100-ஐக் கழித்து, பிறகு விலையால் பெருக்க வேண்டும்.

அதே பக்கத்தில் பட்ஜெட் எச்சரிக்கை வைக்கும் வசதியும் உண்டு. கணித்த தொகையில் 80 விழுக்காட்டைத் தொட்டதும் மின்னஞ்சல் வரும்படி அமைக்கலாம். அந்த எச்சரிக்கை தகவல் மட்டுமே தரும், சர்வரைத் தானாக நிறுத்தாது. ஆகவே அது நிர்வாகியின் பெட்டிக்கு மட்டும் போகாமல், பணம் கட்டுபவரின் பெட்டிக்கும் போகட்டும். கணிப்பை எழுதி வைத்த தாளில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே உண்மையில் வந்த தொகையைக் குறித்துவந்தால், மூன்றாவது மாதத்தில் எந்த வரி அசைகிறது, எது அப்படியே நிற்கிறது என்று தெரிந்துவிடும். அசையாத வரிக்கு ஒப்பந்தம் போடுங்கள். அசையும் வரிக்கு முதலில் காரணத்தைத் தேடுங்கள்.